வெட்டி எறியப்பட்ட ‘எப்போது’

ஒருவருக்குச் சூத்திரத்தைக் கொடுத்துவிட்டு, அதை எந்த இடத்தில் பயன்படுத்தக் கூடாது என்பதை மட்டும் கொடுக்காமல் விட்டால், அவருக்கு நாம் செய்தது உதவியா? அல்லது ஒன்றுமே கொடுக்காமல் இருந்திருந்தால் நேர்ந்திருக்கக்கூடியதைவிடப் பெரிய தீங்கா? இந்தக் கேள்வியை நானாகத் தேடிப் போகவில்லை. ஒரு தேர்வு நாளின் பிற்பகலில், கல்லூரி வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில், ஒரு பெண் தான் எழுதிய விடையை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது அது வந்து என் முன்னால் நின்றது.

நான் புள்ளியியல் படித்தவள். ஊர் ஊராகப் போய் வீட்டுக் கணக்கெடுப்பு நடத்தும் ஒரு சிறிய ஆய்வுக் குழுவில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்தக்கடையில் ஒரு மாடியறையில் நடக்கும் இலவசப் படிப்பு வட்டத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தேன். அங்கே வருகிறவர்கள் எல்லோரும் அரியர் வைத்தவர்கள். கல்லூரியை விட்டு வெளியே வந்து இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகியும் ஒரு தாள், இரண்டு தாள் பாக்கி நிற்பதால் பட்டச் சான்றிதழைக் கையில் வாங்க முடியாதவர்கள். பாதிப் பேருக்கு அந்த ஒரு தாள் புள்ளியியல்தான்.

அந்தப் பெண் எழுமலையிலிருந்து வந்தவள். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் தற்காலிக வேலையில் இருந்தாள். வாரம் முழுவதும் சக பணியாளர்களோடு ஓர் அறையில் தங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி ஒத்தக்கடைக்கு வருவாள். அவளுடைய பிரிவில் ஒரு நிரந்தர இடம் காலியாகவிருந்தது. இந்தப் பருவத்துத் தேர்வில் தேறிச் சான்றிதழைக் காட்டினால் அந்த இடம் அவளுக்கு என்று மேலாளர் சொல்லியிருந்தார். தவறினால் அடுத்த தேர்வுக்கு ஆறு மாதம். அதுவரை இடம் காத்திருக்காது என்பதையும் அவரே சொல்லியிருந்தார். அவளுக்குப் பாக்கி ஒரே ஒரு தாள்.

அவளுடைய பாடத்திட்டத்துக்கு ஏற்ற புத்தகம் கடையில் கிடைக்கவில்லை. கல்லூரி நூலகத்தில் ஒரே ஒரு பிரதி இருந்தது. படித்து முடித்துப் போனவர்களுக்குப் புத்தகத்தை வெளியே தர மாட்டார்கள்; ஜெராக்ஸுக்கும் அனுமதி இல்லை. மேசையில் வைத்துப் போனில் படம் எடுத்துக்கொள்ளலாம், அதுவும் மதிய இடைவேளைக்குள். அவள் போய் அறுபத்து மூன்று படங்கள் எடுத்து எனக்கு அனுப்பினாள். இதைத் தலைப்புவாரியாக ஒரே தாளில் சுருக்கித் தர முடியுமா என்று கேட்டாள். வட்டத்தில் இன்னும் இருபது பேருக்காவது அது உதவும் என்பதால் நான் ஒப்புக்கொண்டேன்.

முதல் நாள் மாலையே சிக்கல் தெரிந்துவிட்டது. அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு சூத்திரத்தையும் ஒரு பெட்டிக்குள் அச்சிட்டிருந்தார்கள். நேரம் குறைவு என்பதால் அவள் பெட்டி இருந்த பக்கங்களை மட்டும் படம் எடுத்திருந்தாள். பரீட்சைக்குப் படிக்கிற எவரும் அப்படித்தான் செய்திருப்பார்கள். அவளுக்கு முன்பே அதே புத்தகத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்த மூன்று மாணவர்களின் படங்களும் அப்படியே இருந்தன. ஆனால் ஒரு சூத்திரத்தை எப்போது பயன்படுத்த வேண்டும் என்று அந்த ஆசிரியர் பெட்டிக்குள் சொல்லவில்லை. பெட்டிக்கு முந்தைய பத்தியில், பல சமயம் முந்தைய பக்கத்தின் அடியில், ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவில் சொல்லியிருந்தார். என் கையில் அறுபத்து மூன்று பக்கச் சூத்திரங்கள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நிபந்தனை இல்லை.

“நீ எடுத்த படத்துல பார்முலா மட்டும்தான் இருக்கு. அதுக்கு முந்தின பக்கமெல்லாம் வேணும்” என்று போனில் சொன்னேன்.

“அக்கா, திரும்பப் போகணும்னா அர நாள் லீவு போடணும். சம்பளத்துல புடிப்பாங்க.”

“பார்முலா மட்டும் போதும்னா இப்பவே தந்துருவேன். ஆனா எதை எங்க போடணும்னு தெரியாம அதை வச்சுக்கிட்டு என்ன செய்வ?”

“சரி, போறேன். எந்தெந்தப் பக்கம்னு எழுதி அனுப்புங்க, ஒண்ணு விடாம எடுத்துட்டு வாரேன்” என்றாள்.

அரை நாள் ஊதியத்தை இழந்து அவள் மறுபடி போனாள். அந்த வாக்கியங்களுக்காகவே போனாள். இதை நான் இங்கே அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

படங்களை எழுத்தாக மாற்ற ஒரு செயலியைப் பயன்படுத்தினேன். அது பத்திகளை நன்றாகவே படித்தது, சூத்திரங்களில் தடுமாறியது. சராசரியைக் குறிக்க x-இன் தலைமேல் போடும் கோட்டைப் பல இடங்களில் விழுங்கியது. வர்க்கமூலக் குறி பின்னம் முழுவதற்குமா, மேல் பகுதிக்கு மட்டுமா என்று அதற்குத் தெரியவில்லை. கூட்டல் தொகையைக் குறிக்கும் சிக்மாவை ஆங்கில E என்று எழுதியது. ஆகவே ஒவ்வொரு சூத்திரத்துக்கும் புத்தகத்திலேயே தீர்த்துக் காட்டியிருந்த ஒரு கணக்கை எடுத்து, அதன் எண்களை என் தாளில் எழுதிய சூத்திரத்தில் இட்டுப் பார்த்தேன். புத்தகத்தின் விடை வந்தால் வைத்துக்கொண்டேன். வராவிட்டால் மீண்டும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். திட்ட விலக்கத்தில் அப்படி ஒரு பொறியைக் கண்டுபிடித்தேன். ஓர் அத்தியாயத்தில் s என்ற எழுத்து n-ஆல் வகுத்துப் பெற்ற திட்ட விலக்கத்தைக் குறித்தது. இரண்டு அத்தியாயங்கள் தள்ளி, அதே எழுத்து n-இலிருந்து ஒன்றைக் கழித்து வகுத்ததைக் குறித்தது. முதலாவதை எடுத்தால் டி சோதனையின் கீழே n−1-இன் வர்க்கமூலம் வர வேண்டும், இரண்டாவதை எடுத்தால் n-இன் வர்க்கமூலம். இரண்டு வழியும் ஒரே விடையைத் தரும். கலந்துவிட்டால் விடை பிசகும். இதைத் தாளில் சிவப்பில் எழுதினேன்.

புத்தகத்தின் வரிசையை விட்டுவிட்டு, வினாத்தாளில் கேள்வி வரும் விதத்தை வைத்துத் தலைப்புகளைப் பிரித்தேன்: மைய அளவுகள், சிதறல், ஒட்டுறவு, தொடர்புப் போக்கு, நிகழ்தகவுப் பரவல்கள், சோதனைகள். ஒவ்வொரு தலைப்பின் கீழும் மூன்று வரிசைகள். இடப்பக்கம் சூத்திரம். நடுவில் ‘எப்போது’. வலப்பக்கம் குறியீடுகளின் பொருள். ‘எப்போது’ என்ற வரிசைதான் எனக்கு அதிக நேரம் எடுத்தது. ‘ஐம்பதுக்கு மேல்’ என்பது போல முனை திறந்த வகுப்பு இருந்தால் கூட்டுச்சராசரியை விட்டு இடைநிலைக்குப் போ. தர ஒட்டுறவில் இரண்டு பேருக்கு ஒரே தரம் கிடைத்திருந்தால் திருத்தக் காரணியைச் சேர். கை வர்க்கச் சோதனையில், அதாவது கை-ஸ்கொயரில், எதிர்பார்க்கும் அலைவெண் ஐந்துக்குக் குறைந்தால் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்த பிறகே கணக்கிடு. மாதிரி முப்பதுக்குக் குறைவு, முழுமைத் தொகுதியின் திட்ட விலக்கமும் தெரியாது என்றால் இசட் சோதனை இல்லை, டி சோதனை. எல்லாம் சேர்ந்து நான்கு பக்கம் வந்தது.

நான்கு பக்கத்தையும் வட்டத்தின் ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்பினேன். எங்கள் வழக்கம் அது. எந்தப் பாடக்குறிப்பும் அவர் கைவழியாகத்தான் அச்சுக்கும் மாணவர்களுக்கும் போகும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எல்லோருக்கும் அண்ணன். அறையைப் பிடித்துக் கொடுத்தவரும் மின்விசிறி வாங்கிப் போட்டவரும் அவரே. அனுப்பிய மறுநாள் நான் கணக்கெடுப்புக்காகப் பேரையூர்ப் பக்கம் போய்விட்டேன். மூன்று வாரம் அங்கேயே தங்கல்.

அந்த மூன்று வாரத்தில் ஒருநாள் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது: “அக்கா ஷீட் வந்துருச்சு. லேமினேசன் பண்ணி சூப்பரா இருக்கு.” நான் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு அடுத்த வீட்டின் கதவைத் தட்டப் போனேன். ஒரு படம் எடுத்து அனுப்பு என்று கேட்கவில்லை. அச்சுக்குப் போகும் முன் எனக்குக் காட்டுங்கள் என்று அண்ணனிடமும் சொல்லவில்லை. பிறரைக் கோபிக்கும்போது நான் இந்த இரண்டையும் மறக்காமலிருக்க முயல்கிறேன்.

தேர்வு நாளன்று வேலை முடிந்து ஊர் திரும்பியிருந்தேன். அவளைப் பார்க்கக் கல்லூரி வாசலுக்குப் போனேன். சிரித்த முகத்தோடு வெளியே வந்தாள். எதிர்க் கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தோம்.

“எல்லாத்தையும் எழுதிட்டேன்க்கா. ஒண்ணு கூட விடல. பத்துப் பொட்டலத்தோட எடையக் குடுத்து, கம்பெனி சொல்ற எடை சரியானு கேட்டாங்க. ரெண்டு புள்ளி ரெண்டு வந்துச்சு. ஒண்ணு புள்ளி ஒன்பது ஆறைவிடப் பெருசு. அதனால கம்பெனி சொல்றது தப்புன்னு முடிச்சுட்டேன்.”

“ஒண்ணு புள்ளி ஒன்பது ஆறா? இசட்டா போட்ட?”

“ஆமா. ஏங்க்கா?”

“பத்துதானே இருந்துச்சு. முப்பதுக்குக் கீழன்னா டின்னு எழுதியிருந்தேனே.”

அவள் கண்ணாடித் தம்ளரை மேசையில் வைத்தாள். “எங்க எழுதியிருந்தீங்க?”

பைக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினாள். வழுவழுவென்று இருந்தது. நீலக் கரை போட்டிருந்தார்கள். மேலே வட்டத்தின் பெயர் பெரிய எழுத்தில். அதன் கீழே, இடமும் வலமுமாக, அச்சுச் செலவை ஏற்ற ஒரு கல்யாண மண்டப உரிமையாளரின் கைகூப்பிய படம் இரண்டு. ஒரே படம், இரண்டு முறை. நான்கு பக்கம் முன்னும் பின்னுமாக ஒரே தாளில் அடங்கியிருந்தது. சூத்திரங்கள் இருந்தன. குறியீடுகளின் பொருள் இருந்தது. நடு வரிசை இல்லை.

இசட் சூத்திரமும் டி சூத்திரமும் பக்கத்தில் பக்கத்தில், ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள் போல நின்றன. எதை எடுக்க வேண்டும் என்று சொல்ல அங்கே ஒரு சொல்லும் இல்லை. அவள் முதலில் இருந்ததை எடுத்திருந்தாள். அவளுடைய கணக்கில் பிழை இல்லை, கிடைத்த 2.2 என்ற எண்ணும் சரி. அந்த எண்ணை எந்த எல்லையோடு ஒப்பிடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இசட்டின் எல்லை 1.96, அதைத் தாண்டியதால் நிறுவனம் சொல்வது தவறு என்று ஆகிறது. பத்துப் பொட்டலங்களுக்கு உரிய டியின் எல்லை 2.26, அதைத் தாண்டாததால் தவறு என்று சொல்ல ஆதாரம் போதாது. ஒரே எண், நேர் எதிரான இரண்டு தீர்ப்புகள்.

வினாத்தாளின் மற்ற இரண்டு பெரிய கேள்விகளைப் பற்றியும் அவளிடம் கேட்டேன். தர ஒட்டுறவுக் கணக்கில் இருவருக்கு ஒரே தரம். திருத்தக் காரணி சேர்க்கவில்லை. கை வர்க்கத்தில் ஒரு கட்டத்தில் எதிர்பார்க்கும் அலைவெண் மூன்று, அப்படியே விட்டிருந்தாள்.

“நீ அர நாள் லீவு போட்டு எடுத்துட்டு வந்தியே, அந்தப் பக்கத்துல இருந்ததெல்லாம் இதுல இல்லையேன்னு உனக்குத் தோணலையா?” என்று கேட்டேன். கேட்ட உடனே அதன் கொடூரம் எனக்கே உறைத்தது.

அவள் கோபப்படவில்லை. “தோணுச்சுக்கா. நீங்க பாத்துட்டு, வேணாம்னு எடுத்துட்டீங்கன்னு நெனச்சேன். நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும்னு...” என்று நிறுத்தினாள்.

டீ ஆறியது. இருவரும் பஸ் ஏறி ஒத்தக்கடைக்குப் போனோம். அவள் தாளை மடியில் வைத்துக்கொண்டு விரலால் அதன் மேல் வரிவரியாகப் போய்க்கொண்டிருந்தாள். எத்தனை மதிப்பெண் போகும் என்று கணக்குப் போடுகிறாள் என்பது தெரிந்தது.

அண்ணன் மாடியறையில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், “வா தங்கச்சி. ஷீட்டப் பாத்தியா? நீ ஊர்ல இல்லாதப்ப விழா வச்சுல்ல குடுத்தோம், கையில வாங்கும்போது பூரா பேரும் அசந்து போயிட்டாங்க” என்றார்.

“நடு வரிசை எங்கண்ணே?”

“எந்த வரிசை?”

“எப்போதுன்னு ஒண்ணு இருந்துச்சு.”

“அதுவா? நாலு பக்கம் வந்துச்சும்மா. லேமினேசன் பண்ணணும்னா ஒரு தாளுக்குள்ள அடங்கணும். கடைக்காரர்தான் எதையாச்சும் எடுத்தாத்தான் ஆகும்னாரு. நீ எழுதுன பார்முலாவுல ஒரு எழுத்தத் தொட்டிருப்பேனா? சும்மா வியாக்கியானத்த மட்டும்தான் எடுத்தேன்.”

“அது வியாக்கியானம் இல்லண்ணே. அது இல்லாம அந்தப் பார்முலாவத் தொடவே கூடாது.”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் இல்லை என்பதால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. “ஏம்மா, நம்ம பிள்ளைக எம்புட்டுத்தான் படிக்கும்? அம்புட்டையும் குடுத்தா பயந்து ஓடிரும். பார்டர்ல பாஸானாப் போதும் இதுகளுக்கு. காலேஜ் வாத்தியாரா ஆகப் போகுதுக?”

அவள் என் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். ‘இதுக’ என்று அவர் சொன்னது அவளைப் பற்றி.

நான் அன்று உரத்துப் பேசினேன். பொதுவாக நான் அப்படிப் பேசுகிறவள் இல்லை. பணம் கட்டித் தனி வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து, இது முப்பதுக்குக் கீழ், ஆகவே டி என்று விரல் வைத்துக் காட்டுகிறார். அங்கே யாரும் நிபந்தனையை வெட்டுவதில்லை. இங்கே வருகிறவர்களுக்குக் காகிதத்தைத் தவிர வேறு ஆசிரியர் இல்லை. அதிலும் பாதியை எடுத்துவிட்டு, மிச்சத்துக்குக் கரை போட்டுக் கொடுக்கிறோம். இவர்களுக்கு இது போதும் என்று முடிவு செய்ய நமக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்டேன். இடம் இல்லை என்றால் அந்த இரண்டு படத்தில் ஒன்றையாவது எடுத்திருக்கலாமே என்றும் கேட்டேன்.

“காசு குடுத்தவரு படத்தப் போடாம எப்பிடிம்மா?” என்றார். இப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. “அவரு இல்லேன்னா இந்த ரூமுக்கு வாடகை யாரு குடுப்பா? நீயா?”

“ஒரு படம் பத்தாதாண்ணே?”

“ரெண்டு பக்கமும் சமமா இருக்கட்டும்னு கடைக்காரர் வச்சாரு.”

என் பின்னால் நின்ற அவள் அப்போது முன்னால் வந்தாள். தாளை மேசையில் வைத்து, வலப்பக்கத்துப் படத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். “அண்ணே, இந்தா இம்புட்டு எடம். என் கை அளவு. நான் எடுத்துட்டு வந்த நாலு வரி இதுக்குள்ள தாராளமா அடங்கியிருக்கும். என் வேலையும் இருந்திருக்கும்.”

அண்ணன் ஒரு நாற்காலியைத் தூக்கி அடுக்கின் மேல் வைத்தார். “ரிசல்ட்டே இன்னும் வரலையே. அதுக்குள்ள ஏன் இப்பிடிப் பேசுற?” என்றார்.

“மாமா மச்சான் யாரும் பேப்பர் திருத்தலண்ணே” என்றாள் அவள். கீழே இறங்கிப் போய்விட்டாள்.

அதற்கு மேல் அங்கே நின்று கோபப்படுவதில் பயனில்லை. இரண்டு நாள் கழித்து வணிகவியல் பிரிவினருக்கு அதே பகுதிகளைக் கொண்ட தேர்வு இருந்தது. வட்டத்தில் பதினேழு பேர் அதை எழுதவிருந்தார்கள். பதினேழு பேர் கையிலும் இந்தத் தாள். புதிதாக அச்சிட்டுத் தருகிறேன், ஆனால் பழையதில் என்ன பிழை என்று குழுவில் எழுத வேண்டாம், கொடையாளர் அந்த வாட்ஸப் குழுவில் இருக்கிறார் என்று அண்ணன் கேட்டுக்கொண்டார். நான் அதைக் கருத்தோடுதான் யோசித்தேன். எழுதினால் வாடகை நிற்கலாம்; அறை போகலாம்; அடுத்த ஆண்டு வரக்கூடிய நாற்பது பேருக்கு இடம் இல்லாமல் போகலாம். எழுதாவிட்டால், வெறுமனே புதிய தாள் ஒன்று வந்தது என்றுதான் பதினேழு பேரும் நினைப்பார்கள். மனப்பாடம் செய்தது பழையது என்பதால் அதையே நம்புவார்கள். இன்னும் இரு நாளில் நடக்கப்போகிற, எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு தீங்கை, நடக்குமோ நடக்காதோ என்ற ஒரு தீங்குக்காக நான் மறைக்க முடியாது என்று முடிவு செய்தேன். இந்த முடிவு எளிதாக வந்தது என்று சொன்னால் பொய்யாகும்.

அன்று மாலையே குழுவில் எழுதினேன்: “லேமினேஷன் செய்த தாளில் சூத்திரங்களுக்கான நிபந்தனைகள் நீக்கப்பட்டுள்ளன. இந்நிலையில் அதைப் பயன்படுத்த வேண்டாம். முழுத் தாளை இத்துடன் அனுப்புகிறேன். அச்சுக்கு முன் நான் சரிபார்க்கவில்லை. அது என் தவறு.” நான்கு பக்கத்தையும் இணைத்தேன். ஐந்து நிமிடத்தில் ஒரு மாணவன் குரல் செய்தி அனுப்பினான்: “அக்கா, லேமினேசன் மேல பேனா ஓட மாட்டேங்குது. இத எதுல எழுதுறது?” மறுநாள் அவர்களில் பன்னிரண்டு பேர் அறைக்கு வந்தார்கள். நிபந்தனைகளைத் துண்டுக் காகிதங்களில் எழுதி, ஒவ்வொரு சூத்திரத்தின் மேலும் பசையால் ஒட்டினோம். ஒருவன் கொடையாளரின் இரண்டு முகத்தின் மேலும் இசட்டையும் டியையும் ஒட்டிவிட்டு, “இப்பத்தான்க்கா ஷீட்டு களையா இருக்கு” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதே நாள் மாலை அண்ணன் என்னை அந்தக் குழுவிலிருந்து நீக்கினார். தனியே ஒரு வரி அனுப்பினார்: “வீட்டுச் சண்டைய ரோட்டுல போட்டுட்டியே தங்கச்சி.” அவர் உழைப்பை நான் அறிவேன், ஆறு ஆண்டுகளில் ஒரு ஞாயிறு அவர் வராமல் இருந்ததில்லை. ஆனால் இது வீட்டுச் சண்டை இல்லை. அந்த வீட்டில் குடியிருக்கிறவர்களில் ஒருத்தியின் வேலை பற்றியது. உழைக்கிறவர் என்பதற்காக, யாருக்கு எவ்வளவு போதும் என்று அளந்து ஊற்றும் அதிகாரம் அவருக்கு வந்துவிடாது. நல்லெண்ணத்தோடு செய்தார் என்று பலர் எனக்குச் சமாதானம் சொன்னார்கள். அந்த நல்லெண்ணத்தில்தான் எனக்குக் கோபம். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் அவள் ஒருவேளை சந்தேகப்பட்டுப் பார்த்திருப்பாள்.

தேர்வு முடிவு வந்தபோது அவள் ஆறு மதிப்பெண்ணில் தவறியிருந்தாள். விடைத்தாளின் நகலுக்கு விண்ணப்பித்து வாங்கிப் பார்த்தோம். மூன்று கேள்வியிலும் கணக்கிட்ட வரிகளுக்கு மதிப்பெண் கொடுத்திருந்தார்கள். சோதனையைத் தேர்ந்த இடத்திலும் முடிவு சொன்ன இடத்திலும் சிவப்புக் கோடு. திருத்தியவர் நியாயமாகத்தான் திருத்தியிருந்தார். இசட் என்று அவள் எழுதியிருந்த இடத்தின் பக்கத்தில் ‘ஏன்?’ என்று ஒரு சொல் எழுதியிருந்தார். அவள் அதைப் பார்த்துவிட்டு, “எனக்குந்தான் தெரியலன்னு எழுதிப் போடணும்க்கா இவருக்கு” என்றாள். மருத்துவமனையின் நிரந்தர இடத்துக்கு மேலூர்ப் பக்கத்திலிருந்து வேறொருவர் வந்தார். அவருக்கு வேலையைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை இவளிடமே கொடுத்தார்கள்.

மண்டப உரிமையாளர் இரண்டு மாத வாடகை கொடுத்துவிட்டு நிறுத்தினார். அறையைக் காலி செய்தோம். வட்டம் இப்போது ஒத்தக்கடையிலேயே ஒரு மாணவியின் வீட்டு மொட்டை மாடியில், தகரக் கூரைக்குக் கீழே நடக்கிறது. நாற்பது பேர் வந்த இடத்தில் இருபத்தைந்து பேர் வருகிறார்கள். அண்ணன் வருவதில்லை. அந்தப் பதினைந்து பேரின் கணக்கை நான் யார் பெயரில் எழுதுவது என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. பாதியை என் பெயரில் எழுத வேண்டியிருக்கும்.

அடுத்த பருவத்தில் அவள் தேறினாள். சான்றிதழ் வந்துவிட்டது, வேலை இன்னும் தற்காலிகம்தான். எங்கள் தாள் இப்போது ஆறு பக்கம். ஒவ்வொரு கட்டத்திலும் நிபந்தனை மேலே இருக்கிறது, சூத்திரம் அதன் கீழே, இரண்டுக்கும் நடுவில் கோடு இல்லை. அச்சுக்குப் போகும் முன் அவள்தான் அதைப் படித்துக் கையெழுத்திடுகிறாள். அவள் கையெழுத்து இல்லாத எந்தத் தாளையும் நாங்கள் யாருக்கும் கொடுப்பதில்லை.